இருபத்தைந்தால் வகுத்த மாதம்

என் முதல் சம்பளம் பன்னிரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது. நாற்பத்தையாயிரம் சம்பளம், அதில் சேமலாப நிதிக்கு எட்டு வீதம் பிடித்தது போக, கைக்கு நாற்பத்தோராயிரத்து நானூறு. அதை எப்படிச் செலவழித்தேன் என்று இன்றைக்கும் என்னால் ஒப்பிக்க முடியும். அம்மாவுக்குச் சேலை, தங்கச்சிக்கு ஒரு போன், வீட்டுக்கு ரைஸ் குக்கர், எனக்கு இரண்டு சோடிச் செருப்பு, கோயிலில் அர்ச்சனை, எங்கள் லயத்தில் ஒரே வரிசையாக இருந்த பன்னிரண்டு வீட்டுக்கும் கேக்கும் பட்டிசும். அதில் ஒரு சோடிச் செருப்பு கடித்தது. பதின்மூன்றாம் நாள் காலையில் வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காசில்லை.

அம்மாவிடம்தான் கேட்டேன். அவர் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவர். அப்பா போன பிறகு அவர் சம்பளத்தில்தான் நானும் தங்கச்சியும் படித்தோம். மறுபேச்சுப் பேசாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைக் கொடுத்தார்.

"கேக்கு நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்படிச் சொன்னதும் தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டவுனுக்கு வெளியே ஒரு முதலாளி ரப்பர் பால் வாங்கும் நிலையம் வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிறவர்கள் கேன்களில் பாலைக் கொண்டுவருவார்கள். பாலில் தண்ணீரும் இருக்கும், ரப்பரும் இருக்கும், காசு ரப்பருக்கு மட்டும்தான். கேனை நன்றாகக் கலக்கி, கொஞ்சம் பால் எடுத்து, அளவாகத் தண்ணீர் சேர்த்து, உயரமான குவளையில் ஊற்றி, மெட்ரோலக் என்ற மிதவையை அதில் விட வேண்டும். அது ஆடி அடங்கி நிற்கும் இடத்தில் இருக்கிற கோட்டைப் படித்து, அட்டவணையில் பார்த்து, லீற்றருக்கு எவ்வளவு ரப்பர் என்று எழுத வேண்டும். அதுதான் என் வேலை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவளுக்கு அது விளையாட்டு மாதிரி. ஆனால் கோட்டைப் படிக்கும்போது எதிரே நிற்கிற மனுஷர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய அன்றைய அரிசி அந்தக் கோட்டில் இருக்கிறது.

பஸ் காசு கடன் வாங்கிய அன்று மாலை, அம்மாவின் சம்பளத் துண்டை முதன்முறையாக ஒழுங்காக உட்கார்ந்து வாசித்தேன். அதுவரை அந்தக் காகிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, கோயில் காசு, மரண உதவிச் சங்கம், தீபாவளிக்குக் கொடுத்த அட்வான்சில் அந்த மாதத் தவணை, இடையில் வாங்கிய சம்பள அட்வான்ஸ். எல்லாம் பிடித்த பிறகு கடைசியில் ஒரு சின்னத் தொகை.

"கையில வர்றதுக்கு முன்னாலயே எல்லாத்தயும் புடிச்சிர்றானுங்க," என்று அம்மா மாதம் தவறாமல் புலம்புவது இதைத்தான். நானும் சின்ன வயதிலிருந்து சேர்ந்து புலம்பியிருக்கிறேன்.

அன்றைக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அப்பா இறந்தபோது பந்தலும் சாப்பாடும் வந்தது அந்த மரண உதவிச் சங்கப் பிடிப்பிலிருந்து. திருவிழாவுக்கு நாங்கள் யாரிடமும் கைநீட்டாதது அந்தக் கோயில் பிடிப்பால். அம்மா ஒருநாளும் உட்கார்ந்து திட்டம் போட்டதில்லை. அந்தத் துண்டுக் காகிதம் அவருக்காகத் திட்டம் போட்டிருக்கிறது. எனக்கோ மொத்தக் காசும் ஒரே நாளில் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது, பிடிக்க ஆள் இல்லை. பிடிக்க ஆளில்லாத காசு பன்னிரண்டு நாளில் கேக்காகப் போய்விட்டது. ஒரு தோட்டத்து ஆபீஸ் செய்கிற வேலையை இனி நானே எனக்குச் செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

தங்கச்சியின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எனக்கு நானே சம்பளத் துண்டு எழுதினேன். வீட்டுக்கு இருபத்தையாயிரம்: அரிசி, மாவு, மரக்கறி, கேஸ், கரண்ட், தங்கச்சியின் டியூஷன். அம்மாவின் சம்பளம் அவருடைய மருந்துக்கும் பழைய தவணைகளுக்குமே சரியாக இருந்ததால் இது என் பங்கு. பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஐயாயிரம். தீபாவளி, பொங்கல், திருவிழாவுக்கு மூவாயிரத்து நானூறு. எனக்கே எனக்கு மூவாயிரம், அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. மிச்சம் ஐயாயிரம். அதற்கு என்ன பெயர் எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் 'மழை' என்று எழுதினேன்.

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். முழு நாள் வேலை செய்தால் செக்ரோல் என்கிற வருகைப் பதிவில் ஒரு பேர் விழும். மழை விடாமல் அடித்தால் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் காசில்லை. "இந்த மாசம் எத்தன பேர்?" என்பதுதான் நான் கேட்டு வளர்ந்த முதல் கணக்கு. நல்ல மாதத்தில் இருபத்தைந்து பேர்.

இந்த ஐயாயிரத்தை நானாக எடுத்து வைப்பேன் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை. செருப்புக் கடைப் பக்கம் போனால் என் புத்தி எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும். வங்கியில் கேட்டேன். சம்பளம் விழுந்த மறுநாள் அவர்களாகவே ஐயாயிரத்தை எடுத்து வேறொரு சேமிப்புக் கணக்கில் போடுவதற்கு ஒரு படிவம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். "அந்தக் கணக்குக்கு கார்டு வேணுமா?" என்று கவுண்டரில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார். வேண்டாம், புத்தகம் மட்டும் போதும் என்றேன். கார்டு இருந்தால் இரவு எட்டு மணிக்கும் எடுக்கலாம். புத்தகம் என்றால் லீவு போட்டு, வரிசையில் நின்று, யோசித்து, வெட்கப்பட்டுத்தான் எடுக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம் எரிச்சலாக இருந்தது. "யாருடி உனக்கு இந்தத் தண்டனை குடுத்தது?" என்று தங்கச்சி கேலி செய்வாள். ஐந்தாம் மாதம் வங்கிக்குப் போய்ப் புத்தகத்தைப் பதியக் கொடுத்தேன். இயந்திரம் கறகறவென்று வரி வரியாக அச்சடித்துத் தந்தது. கடைசி வரியில் இருபதாயிரமும் கொஞ்சம் வட்டியும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் செலவாகாமல் சும்மா கிடக்கும் இருபதாயிரம் இருந்ததே இல்லை. திருட்டுக் காசைப் பார்க்கிற மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

ரூபாயில் சொன்னால் அம்மாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. அதனால் பேராக மாற்றினேன். வீட்டுக்கு மாதம் இருபத்தையாயிரம். மாதத்துக்கு இருபத்தைந்து பேர். அப்படியென்றால் ஒரு பேருக்கு ஆயிரம். "அம்மா, எனக்கு வேல போனாக்கூட நம்ம வீடு இருவது நாள் ஓடும்," என்றேன். பஸ் காசையும் செருப்புக் காசையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, வேலையே இல்லாதவளுக்கு எதற்கு பஸ். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"இருவது நாளா? ஒன்னும் செய்யாமலா?"

"ஒன்னும் செய்யாம."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பாராட்டு இல்லை, கொஞ்சம் பயம் என்றுதான் சொல்வேன். அதன் பிறகு மாதம் பிறந்தால் அவரே கேட்பார், "இப்ப எத்தன நாள்டி?" இருபத்தைந்து. முப்பது. முப்பத்தைந்து. சித்திரை மாதச் சம்பளம் விழுந்தபோது பத்துத் தவணை முடிந்து ஐம்பது.

அந்த ஐம்பது நாள் இல்லாமல் இருந்திருந்தால் நான் அடுத்து செய்ததைச் செய்திருக்க மாட்டேன். இதில் பெருமையடிக்க ஒன்றுமில்லை, உண்மை அதுதான்.

மே மாதக் கடைசியில் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். கெட்ட மனுஷர் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் தங்கச்சி. விலை இறங்கிவிட்டது, நட்டம் வருகிறது என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நங்கி, நாளையிலிருந்து மெட்ரோலக்கில ரெண்டு கோடு கீழ எழுதுங்க. யாருக்கும் தெரியாது."

"அது பிழை முதலாளி," என்றேன்.

"ரெண்டு கோடுதானே."

ரெண்டு கோடுதான். ஆனால் அம்மாவின் பாலையும் தோட்டத்தில் இப்படித்தான் அளக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் வாளியை வைத்துவிட்டு அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குக் குரல் ஏறவில்லை. ஐம்பது நாள், ஐம்பது நாள் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"என்னால அப்படி எழுத முடியாது. வேற ஆளப் பாத்துக்கங்க," என்று சிங்களத்தில் சொன்னேன். அதைச் சொன்னது நானா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. பல வருஷம் முன்பு அம்மாவும் இப்படிச் சொல்ல நினைத்த நாட்கள் இருந்திருக்கும். சொல்வதற்கு அவரிடம் ஒரு நாள்கூடச் சேமிப்பில் இருந்ததில்லை.

முதலாளி கோபப்படவில்லை. "சரி, போயிட்டு வாங்க. மே மாதச் சம்பளத்த பேங்குக்கு அனுப்பல, மேச லாச்சியில இருக்கும். திரும்பி வந்தா வேலையையும் சம்பளத்தையும் சேத்து எடுத்துக்கலாம்," என்றார். அதாவது, வராவிட்டால் இல்லை. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார், "யாரோட பாலு?" எல்லாருடையதும் என்றேன். "அப்ப சரி," என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

ஜூன் முதலாம் தேதி வங்கியில் வரிசையில் நின்று இருபத்தையாயிரம் எடுத்தேன். பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்தேன். சுவரில் மாட்டியிருந்த மளிகைக்கடைக் கலண்டரில் அன்றைய தேதிக்கு மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். ஒன்று. ஐம்பதாவது கோடு ஜூலை இருபதில் விழும். அதற்குள் ஒரு வழி பிறக்க வேண்டும், இல்லையென்றால் லாச்சியில் இருக்கிற சம்பளத்துக்காகவும் தங்கச்சியின் சாதாரண தரப் பரீட்சைக்காகவும் நான் திரும்பிப் போய் ரெண்டு கோடு கீழே எழுத வேண்டியதுதான்.

மழையோ விடவில்லை. அம்மாவுக்கு வாரத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர்தான் விழுந்தது. கேகாலைக்கு அப்பால் ஒரு கையுறைத் தொழிற்சாலை இருக்கிறது, ரப்பர் பாலில் வைத்தியர்கள் போடும் கையுறை செய்கிற இடம். அதன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். ஜூன் இரண்டாம் வாரம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று அங்கிருந்த அம்மணி கேட்டார். அளவைக் குறைத்து எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை என்றேன். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று தெரியாமல் திரும்பினேன்.

ஜூன் இருபத்து நாலாம் தேதி தொலைபேசி அழைப்பு வந்தது. வேலை கிடைத்துவிட்டது. ஜூலை முதலாம் தேதி வரலாம், கிராம சேவகரின் சான்றிதழும் பொலிஸ் சான்றிதழுக்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டும் கொண்டுவாருங்கள் என்றார்கள். தங்கச்சி என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல் இருவரும் விழுந்தோம். சம்பளம் எப்போது என்று மூச்சு வாங்கக் கேட்டேன். "மாசக் கடைசி வேலை நாள்," என்று பதில் வந்தது.

அதைக் கேட்ட பிறகுதான் கலண்டரைப் பார்த்தேன். என் ஐம்பதாவது கோடு ஜூலை இருபது. சம்பளம் ஜூலை முப்பத்தொன்று. இடையில் பதினொரு நாள். வேலை போனால் வேலை கிடைக்கும்வரை சமாளித்தால் போதும் என்றுதான் அத்தனை மாதமும் நினைத்திருந்தேன். வேலை கிடைத்த பிறகும் ஒரு முழு மாதம் உழைத்துத்தான் காசு வரும் என்பதை மறந்தே போயிருந்தேன். பஸ்ஸுக்குத் திருவிழாக் காசில் ஆறாயிரம் மிச்சம் இருந்தது, அது பரவாயில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பதினொரு நாள், பதினோராயிரம்.

"என் தோட்ட வச்சிருவோம்," என்று அம்மா காதைத் தொட்டார். அடகு வைப்பதைத்தான் சொன்னார். அந்தத் தோடு ஏற்கெனவே மூன்று தடவை அடகுக்கடைக்குப் போய் வந்தது, ஒவ்வொரு தடவையும் மீட்க வருஷக்கணக்காகியிருக்கிறது. வேண்டாம் என்று கத்தினேன். அன்றைக்கென்று பார்த்து முதலாளியிடமிருந்தும் ஆள் வந்தது. இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம், இந்த மாதம் முடியும்வரைக்காவது வந்து உதவினால் மே மாதச் சம்பளத்தைக் கையோடு தருவாராம். நாளை பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஒரு வாரம்தானே, ரெண்டு கோடுதானே என்று என் மனதே எனக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிட்டது. அதை எழுத இப்போதும் கூசுகிறது.

மறுநாள் ஜூன் இருபத்தைந்து. முதல் இருபத்தையாயிரம் தீர வேண்டிய நாள். அரிசி வாங்க டின்னைத் திறந்தேன். உள்ளே நாலாயிரத்து இருநூறு ரூபாய் இருந்தது.

மறுபடி எண்ணினேன். அதே நாலாயிரத்து இருநூறு. இருபத்தைந்து கோடு முடிந்தது, டின் காலியாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதென்று நினைத்தேன். அம்மா பட்டினி கிடந்திருக்கிறார். இல்லையென்றால் தன் மருந்துக் காசைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். மழையில் நனைந்து அப்போதுதான் வாசலில் சாக்கை உதறிக்கொண்டிருந்தவரிடம் டின்னோடு போய் நின்றேன்.

"எப்பருந்து சாப்பிடாம இருக்கீங்க?"

"என்னடி ஒளர்ற?"

"மறைக்காதீங்கம்மா. இந்தக் காசு எங்கருந்து வந்துச்சு? மருந்து வாங்குறீங்களா இல்லயா? நான் என்ன, ஒங்கள பட்டினி போட்டா சம்பாதிக்கணும்?" என் குரல் லயம் முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள், சண்டையைக் கேட்கத்தான்.

அம்மா சாக்கைக் கீழே போட்டார். "நேத்து ராத்திரி ஒன்ன விட ரெண்டு ரொட்டி கூடத் தின்னேன். நீதான் மொறச்சிக்கிட்டுப் பாத்த. மருந்து அந்தா இருக்கு, எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தேன். இருக்க வேண்டிய மாத்திரைகள்தான் இருந்தன. தங்கச்சியைப் பிடித்தேன், டியூஷன் காசைக் கட்டாமல் விட்டாயா என்று. அவள் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். காசு குறைந்தால் காரணம் தேடலாம். கூடினால் எங்கே போய்த் தேடுவது?

அம்மா கலண்டர் பக்கம் போனார். அவருக்கு எழுத்து தடுமாறும், இலக்கம் தடுமாறாது. சிவப்புக் கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இதென்ன, ஞாயித்துக்கெழமக்கும் கோடு போட்டிருக்க?"

"ஞாயித்துக்கெழமையும் சாப்பிட்டோமே," என்றேன் எரிச்சலாக.

"சாப்பிட்டோம் சரி. ஞாயித்துக்கெழம ஏது பேரு?"

நான் கலண்டர் முன்னால் தரையில் உட்கார்ந்து, விரல் விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி எண்ணினேன். வீட்டுக்கு மாதம் இருபத்தையாயிரம், அது முப்பது நாளும் சாப்பிடுகிற காசு. நான் அதை இருபத்தைந்தால் வகுத்து ஆயிரம் என்றேன், தோட்டத்தில் மாதம் என்றால் இருபத்தைந்து பேர், அதற்கு வெளியே நாள் என்று ஒன்று இருப்பதே எங்கள் கணக்கில் கிடையாது. ஆனால் கோடு போடும்போது ஞாயிறையும் பௌர்ணமிப் போயா லீவையும் சேர்த்து எல்லா நாளுக்கும் போட்டிருக்கிறேன். உண்மையில் ஒரு நாளுக்கு எண்ணூற்றுச் சொச்சம்தான் செலவாகியிருக்கிறது. என்னிடம் இருந்தது ஐம்பது நாள் இல்லை, இரண்டு முழு மாதம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள், மிதவையின் கோட்டைப் பிசகாமல் படிப்பவள், இத்தனை காலமாக மாதத்துக்கு முப்பது நாள் என்பதை மறந்திருக்கிறேன்.

ஜூன் முடிய இன்னும் ஐந்து நாள், டின்னில் நாலாயிரத்து இருநூறு. ஜூலைக்கு முழுசாக இருபத்தையாயிரம் வங்கியில். ஜூலை முப்பத்தொன்று வரைக்கும் வந்து சேர்ந்துவிடும், கடைசி நாள் கொஞ்சம் இழுபறியாக இருக்கும், அவ்வளவுதான். தேவையான அளவுக்கு, தேவையான இடம்வரைக்கும், அந்தக் காசு அங்கேயே இருந்திருக்கிறது. என் பிழைக்குள்ளே எனக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. உடம்பு சிலிர்த்தது. பெரிய கோயிலில் தேர் அசைகிறபோது வருமே, அந்தச் சிலிர்ப்பு.

அன்று மாலையே முதலாளிக்குப் பதில் சொல்லி அனுப்பினேன், வரமாட்டேன் என்று. மே மாதச் சம்பளத்துக்குக் கேகாலைத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். அது சில மாதம் இழுத்து, கடைசியில் வந்தது. வந்ததை அப்படியே மழைக் கணக்கில் போட்டேன், ஏனென்றால் அது காலியாகியிருந்தது. காலியாவதற்குத்தானே அது இருக்கிறது.

இப்போது அந்த ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கீழே மூன்று பேர் வேலை செய்கிறார்கள். சம்பளம் கூடும்போதெல்லாம் வீட்டுக்கு எழுதுவதைக் கொஞ்சமும் மழைக்கு எழுதுவதை நிறையவும் கூட்டுகிறேன். என் துண்டில் இன்னும் மாதத்துக்கு இருபத்தைந்து என்றுதான் வகுக்கிறேன், இப்போது தெரிந்தே. தங்கச்சி இதைப் பைத்தியக்காரக் கணக்கு என்கிறாள். இருக்கட்டும்.

ஜூலைக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சம்பளத்துக்கு இன்னும் சில நாள் இருந்தது. டின்னில் கடைசித் தாள்கள். மழை கொஞ்சம் விட்டிருந்தது, தங்கச்சி புத்தகத்தோடு வெளியே இருந்தாள். அம்மா சோறும் பருப்பும் கருவாடும் ஆக்கி மூன்று தட்டில் போட்டுக்கொண்டு வந்தார். முப்பது வருஷமாகத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். இளமையில் தேயிலை, பிறகு பால்வெட்டு. வேலை செய்த நாளுக்குச் சம்பளம், செய்யாத நாளுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் துணி துவைப்பார், விறகு பொறுக்குவார், எங்களுக்குப் பேன் பார்ப்பார். அந்த நாட்களின் சாப்பாட்டை மற்ற நாட்களிலிருந்து எப்படிப் பிய்த்து எடுத்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையின் மேல் சிவப்புக் கோடு இருந்தது. சிரித்தார்.

"எத்தனயோ தொரமாருட்ட வேல செஞ்சிட்டேன்," என்றார். "ஞாயித்துக்கெழமக்கும் சேத்துச் சம்பளம் போட்ட மொத தொர நீதான்."

அவர் தண்ணீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.